பிராம்ப்டில் பிராண்டு நிறம்: செயலி வெளியீட்டுப் படம் ஒன்றை முன்வைத்து

கேள்வி

புதிய செயலி ஒன்று வெளியாகும்போது அதன் இணையப் பக்கத்தின் உச்சியில், திரையின் அகலம் முழுவதையும் பிடித்துக்கொண்டு ஒரு படம் நிற்கும். வடிவமைப்பாளர்கள் அதை ஹீரோ படம் என்கிறார்கள். பக்கம் திறந்ததும் கண் முதலில் போய் விழும் இடம் அது. அந்தப் படத்தின் ஒரு பாதியில் தலைப்பு வரியும் ‘பதிவிறக்கு’ பொத்தானும் வரும். மறுபாதியில் கைபேசியை நினைவூட்டும் வடிவங்கள் இருக்கும். இந்த வடிவங்களை இப்போது பலர் பட உருவாக்க மாதிரிகளைக் கொண்டு செய்கிறார்கள். அதற்காக எழுதப்படும் விவரிப்புதான் பிராம்ப்ட்.

இத்தகைய பிராம்ப்ட் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. எந்த நிறுவனத்தின் கைபேசி என்று அடையாளம் தெரியாத, ஆனால் கைபேசி என்று உடனே புரிகிற அருவமான சாதனத்தை வரவழைக்க வேண்டும். அதோடு, பிராண்டின் நிறத்தொகுப்பு படத்தில் வர வேண்டும். முதல் வேலை வடிவம் பற்றியது. கொஞ்சம் முயன்றால் சொற்கள் அதற்குப் போதும். இரண்டாவது வேலையில்தான் சிக்கல். பிராண்டு நிறம் என்பது ஓர் எண். டிஃபனி நகைக்கடையின் நீலத்துக்குப் பான்டோன் நிறுவனம், அந்தக் கடை தொடங்கிய ஆண்டான 1837ஐயே எண்ணாக வைத்திருக்கிறது. திரையில் அதே வேலையை ஆறு இலக்க ஹெக்ஸ் எண் செய்கிறது. அந்த எண்ணிலிருந்து சிறிது விலகினாலும் அது பிராண்டின் நிறமில்லை என்று நிறுவனம் படத்தைத் திருப்பி அனுப்பும். பிராம்ப்டோ சொற்களால் ஆனது. எண்ணாகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையைச் சொல்வழிக் கருவி எந்த அளவுக்கு நிறைவேற்றும்? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

இப்போது நிலவும் கருத்துகள்

வடிவமைப்பாளர்களிடையே மூன்று வழக்கங்கள் இருக்கின்றன. ஹெக்ஸ் எண்களை அப்படியே பிராம்ப்டில் எழுதிவிடுவது ஒன்று. எண்களை விட்டுவிட்டு நிறப்பெயர்களையும் மனநிலைச் சொற்களையும் எழுதுவது இன்னொன்று. நிறத்தைப் பிராம்ப்டில் சேர்க்காமல், கருவியில் தனியாக உள்ள நிறத்தொகுப்பு வசதிக்கோ மாதிரிப் படத்துக்கோ விட்டுவிடுவது மூன்றாவது. ரீகிராஃப்ட், ஐடியோகிராம் போன்ற சேவைகளில் நிறங்களைத் தனியே தேர்ந்தெடுக்க முடிகிறது. 2025 நவம்பரில் வந்த ஃப்ளக்ஸ் 2 மாதிரி, பிராம்ப்டுக்குள் வரும் ஹெக்ஸ் எண்ணையே புரிந்துகொள்ளும் என்று அதை உருவாக்கிய பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ் அறிவித்தது.

இவை ஒன்றுக்கொன்று மாற்று என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. எது சிறந்தது என்று ஒப்பிடுவதும் அதனால்தான். என் கணிப்பில் அந்த ஒப்பீடு தவறான இடத்தில் தொடங்குகிறது. எந்த வழியில் கொடுத்தாலும் பிராம்ப்டால் ஏற்க முடிவது நிறங்களுக்கிடையேயான உறவை மட்டுமே: எது எங்கே, எது அதிகம், எது ஒரே ஓரிடத்தில் மட்டும். துல்லியமான எண்ணுக்குப் படத்தின் சில பகுதிகளில் மட்டுமே பொருள் உண்டு. அந்தப் பகுதிகளைப் படம் உருவான பிறகு கையால்தான் நிரப்ப வேண்டும். இந்த முடிவுக்கு இட்டுச்செல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹெக்ஸ் எண்ணுக்கு உள்ளே நேர்வது

எடுத்துக்காட்டாக, நகரப் பேருந்துப் பயணச்சீட்டு எடுக்கும் ஒரு செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் நிறங்கள் மூன்று. ஆழ்ந்த நீலப்பச்சை `#0F4C5C`, மங்கிய ஆரஞ்சு `#F4A261`, தந்த வெள்ளை `#FAF7F0`. அவசரத்தில் எழுதப்படும் பிராம்ப்ட் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
app launch hero image, smartphone mockup, modern,
brand colors #0F4C5C, #F4A261, #FAF7F0,
no logo, no text, minimal, professional
```

2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷனும் அதன் வழிவந்த பல மாதிரிகளும் பிராம்ப்டைப் படிக்க ஓபன்ஏஐ 2021இல் வெளியிட்ட கிளிப் என்ற உரைக்குறியாக்கியைப் பயன்படுத்துகின்றன. கிளிப் எதையும் முதலில் சிறிய எழுத்தாக்குகிறது. பிறகு டோக்கன்களாக வெட்டுகிறது. எழுத்துகளின் தொடரை ஒன்றாக வைத்துக்கொண்டாலும் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும். ஆகவே `#0F4C5C` என்பது `#`, `0`, `f`, `4`, `c`, `5`, `c` என்று ஏழு துண்டுகளாகச் சிதறுகிறது. ஹெக்ஸ் எண்ணில் முதல் இரு குறிகள் சிவப்பையும், நடு இரண்டு பச்சையையும், கடைசி இரண்டு நீலத்தையும் குறிப்பவை. அந்த இணைகளே இங்கே உடைந்துவிடுகின்றன. `4c` ஒரு பச்சை அளவு என்று மாதிரிக்குத் தெரிய வேண்டுமானால், இந்தத் துண்டுகளின் வரிசைக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பைப் பயிற்சியில் அது ஏராளமான முறை பார்த்திருக்க வேண்டும். ஆனால் பயிற்சிக்குப் பயன்பட்ட லயன்-5பி போன்ற தொகுப்புகள், வலைப்பக்கப் படங்களோடு இருந்த மாற்று உரைகளிலிருந்து திரட்டப்பட்டவை. தம் படத்தின் கீழ் ஹெக்ஸ் எண்ணை எழுதிவைப்பவர்கள் மிகக் குறைவு. அப்படி எழுதப்பட்டவையும் பெரும்பாலும் நிற அட்டைகள். அதனால்தான் ஹெக்ஸ் எண் எழுதிய படங்களில் சில வேளைகளில் நிறத்துக்குப் பதிலாக நிற அட்டைகளே வந்து நிற்கின்றன. எண்களே எழுத்தாகப் படத்துக்குள் பொறிக்கப்படுவதும் உண்டு.

இதில் இன்னொரு செலவும் இருக்கிறது. கிளிப் ஒரே நேரத்தில் படிக்கக்கூடியது 77 டோக்கன்கள். தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் போக மிஞ்சுவது 75. மூன்று ஹெக்ஸ் எண்கள் மட்டுமே ஏறத்தாழ 20 டோக்கன்களைச் சாப்பிட்டுவிடுகின்றன. `deep teal` என்றால் இரண்டு சொற்களில் முடிந்துவிடும். சில கருவிகள் நீண்ட பிராம்ப்டைத் துண்டு போட்டுப் படிக்கின்றன. சில, எல்லையைத் தாண்டிய பகுதியைச் சொல்லாமலே கைவிடுகின்றன. கடைசி வரியில் எழுதிய நிழல் பற்றிய குறிப்பு படத்தில் வரவே இல்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பிராம்ப்டை ஏன் தமிழில் எழுதக்கூடாது என்று கேட்பவர்களுக்கும் விடை இங்கேயே இருக்கிறது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். ‘நீலம்’ என்ற சொல் 15 பைட்டுகள். ஆங்கிலத்தை முதன்மையாக வைத்துப் பயின்ற ஒரு குறியாக்கியில் அது பொருளற்ற துண்டுகளாக உடைகிறது. அந்தத் துண்டுகளுக்கும் நீலத்துக்கும் அது தொடர்பு கற்றிருப்பதில்லை. பெரிய மொழி மாதிரியை இடையில் வைத்து, நாம் எழுதியதை அது ஆங்கிலத்தில் விரித்தெழுதிப் பட மாதிரிக்குத் தரும் சேவைகளில் இந்தத் தடை குறைகிறது. ஆனால் அங்கே எழுதியவரின் நிறச்சொல்லை இடையில் இருப்பது மாற்றிவிடவும் கூடும்.

நிறப்பெயரின் பலமும் பலவீனமும்

எண் உடைகிறது என்றால் பெயர் உதவுமா? பிரெண்ட் பெர்லினும் பால் கேயும் 1969இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் போன்ற மொழிகளில் அடிப்படை நிறச்சொற்கள் பதினொன்று என்று கணக்கிட்டது. ஒவ்வொரு சொல்லும் ஒரு புள்ளியைக் குறிப்பதில்லை. ஒரு பரப்பைக் குறிக்கிறது. அந்தப் பரப்புக்கு நடுவில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு மையம் இருக்கும், ஓரங்களில் கருத்து வேறுபாடு இருக்கும். 2010இல் எக்ஸ்கேசிடி சித்திரக்கதைத் தளத்தின் ராண்டல் மன்ரோ இணையவாசிகளிடம் நடத்திய நிறக் கணக்கெடுப்பு இதை இன்னும் அருகிலிருந்து காட்டியது. அதிலிருந்து 954 நிறப்பெயர்களின் பட்டியல் கிடைத்தது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் இருந்தாலும், அது பலருடைய தேர்வுகளிலிருந்து வடிகட்டிய மையமே.

பட மாதிரியும் இதே நிலையில்தான் இருக்கிறது. அது கற்றது மனிதர்கள் படங்களுக்கு இட்ட பெயர்கள். ஆகவே `deep teal` என்றால் நீலப்பச்சைப் பரப்பின் இருண்ட பக்கத்துக்கு நம்பிக்கையோடு போகும். `#0F4C5C` என்ற புள்ளியில் நிற்காது. இது குறையென்று சொல்வதைவிட, கருவியின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது.

பெயரைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை வேண்டிய இடம் ஒன்று உண்டு. பல நிறப்பெயர்கள் பொருள்களிலிருந்து வந்தவை. `#F4A261`க்குக் கைவசம் வரும் அழகான சொல் `apricot`. எழுதிப் பார்த்தால் சாதனத்தின் மீது பழமே வந்து உட்கார வாய்ப்பிருக்கிறது. பழம் வராவிட்டாலும் அந்த நிறம் ஏற்கும் வடிவம் பழத்தோலின் மினுமினுப்பையும் பிளவையும் பெற்றுவிடும். `peach`, `salmon`, `rose` எல்லாவற்றிலும் இதே ஆபத்து. `muted orange` அழகற்ற சொல்தான், ஆனால் அது நிறத்தை மட்டுமே கொண்டுவருகிறது.

அடுத்தது, நிறம் இடம் மாறிப் பரவுவது. பிராம்ப்டில் நீலப்பச்சைப் பலகையும் ஆரஞ்சு வட்டமும் என்று எழுதினால், வட்டம் நீலப்பச்சையாகவும் பின்புலம் ஆரஞ்சாகவும் வந்து சேர்வது வழக்கம். மாதிரி படத்தின் ஒவ்வொரு பகுதியையும் வரையும்போது பிராம்ப்டின் எல்லாச் சொற்களையும் கவனிக்கிறது. எந்தப் பண்பு எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர வேண்டும் என்பதை இலக்கண விதிபோல் அது கடைப்பிடிப்பதில்லை. டெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ‘அட்டெண்ட் அண்ட் எக்சைட்’ என்ற ஆய்வு இந்தக் குறையையும், சொல்லப்பட்ட ஒரு பொருள் படத்தில் வராமலே போய்விடும் குறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, உருவாக்கத்தின்போதே கவனத்தைத் திருத்தும் முறையை முன்வைத்தது. `brand colors` என்று பொதுவாக எழுதி மூன்று நிறங்களை வரிசையாக வைப்பது இந்தக் குறைக்கு வாசலைத் திறந்துவிடுவதாகும். நிறத்துக்குப் பெயர்ச்சொல்லே இல்லாதபோது அது எங்கே போய் ஒட்டும் என்று யாரால் சொல்ல முடியும்?

அருவச் சாதனத்தை வரவழைத்தல்

உண்மையான கைபேசியை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் போதும். ஒன்று உரிமை: ஆப்பிள் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் விதிகள் தன் சாதனப் படங்களைத் தான் தந்தபடியே, மாற்றாமல் பயன்படுத்தச் சொல்கின்றன. மாதிரி வரைந்த, ஐபோன் போலவும் இல்லாமல் வேறாகவும் இல்லாத ஒரு பொருள் அந்த விதிக்கு எந்த வகையிலும் பொருந்தாது. மற்றொன்று காலம்: 2017இல் ஐபோன் எக்ஸ் கொண்டுவந்த மேல்விளிம்பு வெட்டு, 2022இல் 14 ப்ரோவில் மாத்திரை வடிவத் துளையாக மாறியது. சாதனத்தின் முகம் படத்தின் தேதியைச் சொல்லிவிடுகிறது.

`smartphone` என்ற சொல்லை எழுதிவிட்டு அதன் விவரங்களை மறுப்பது பயன் தருவதில்லை. அந்தச் சொல் கறுப்புக் கண்ணாடி, கேமரா, பிடித்திருக்கும் கை எல்லாவற்றையும் கூட இழுத்துவருகிறது. `no logo, no text` என்ற மறுப்பும் பலிப்பதில்லை. குறியாக்கிக்கு மறுப்பு வலுவாகப் புரிவதில்லை என்பதால், `logo` என்று எழுதியதே இலச்சினையை அழைத்ததாகிவிடுகிறது. வேண்டாதவற்றைத் தனிப் பெட்டியில் எழுதும் எதிர்மறை பிராம்ப்ட் வேறு வகையில் இயங்குகிறது. ஒவ்வொரு படியிலும் மாதிரி இரண்டு கணிப்புகளைச் செய்து, எதிர்மறைப் பெட்டியில் உள்ளதிலிருந்து விலகி நாம் கேட்டதை நோக்கி நகர்கிறது. மிட்ஜர்னியில் இதற்கு `--no` என்ற குறி உண்டு. அந்தப் பெட்டி இல்லாத கருவியில் மறுப்பைக் கைவிட்டு, இருக்க வேண்டியதை மட்டும் எழுதுவதே வழி: ‘எழுத்து இல்லை’ என்பதற்குப் பதில் ‘வெறுமையான மங்கல் முகப்பு’.

ஆகவே சாதனத்தை அதன் வடிவியலால் விவரிக்க வேண்டும். மெல்லிய, மூலை வளைந்த, உயரம் அகலத்தைப்போல் இருமடங்கான பலகை. ஆனால் அருவமாக்குவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. இந்த எல்லையைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். எல்லா அடையாளமும் நீங்கிய பலகையைப் பார்ப்பவர் அதைக் கதவு என்றோ சோப்புக் கட்டி என்றோ எடுத்துக்கொள்ளக்கூடும். கைபேசி என்று நினைவூட்ட ஒன்றிரண்டு குறிப்புகள் போதும்: முகப்பில் மேலாக ஒரு பட்டை, கீழே மாத்திரை வடிவில் ஒரு சிறு புடைப்பு. செயலிகளின் திரையில் மேல்பட்டையும் கீழ்ப்பொத்தானும் எல்லாருக்கும் பழகியவை. எழுத்தே இல்லாமலும் அவை திரையாகப் படிக்கப்படும். இந்தக் குறிப்புகளை நான்கைந்தாகப் பெருக்கினால் மாதிரி அவற்றுள் எழுத்துப் போன்ற கிறுக்கலை நிரப்பத் தொடங்கிவிடும்.

பயணச்சீட்டுச் செயலியின் பிராம்ப்டை இந்த அடிப்படையில் திருத்தி எழுதினால்:

```
three thin upright slabs with rounded corners, twice as
tall as wide, deep teal, matte, raised blank bar near top,
small muted orange pill near bottom of front slab only,
staggered in right half, plain warm ivory background,
empty left half, soft even neutral light from upper left
```

எதிர்மறைப் பெட்டியில்:

```
phone, camera, lens, logo, text, hand, glass, reflection
```

எஸ்டிஎக்ஸ்எல் மாதிரியில் இதற்கு 1536 × 640 அளவைத் தரலாம். அது அந்த மாதிரி பயின்ற அகல அளவுகளில் ஒன்று. பயிலாத அளவைக் கேட்டால் பலகைகள் இரட்டிப்பாகும், அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆரஞ்சுக்கு ஒரே ஓரிடம், நீலப்பச்சைக்குப் பலகைகள், தந்த வெள்ளைக்குப் பின்புலம் என்று ஒவ்வொரு நிறமும் தன் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம். வடிவமைப்பில் அடிக்கடி சொல்லப்படும் 60-30-10 விகிதத்தை எண்ணாகப் பிராம்ப்டில் எழுதுவதால் பலன் இல்லை. மாதிரி பரப்பளவைக் கணக்கிட்டு வரைவதில்லை. ‘பின்புலம்’, ‘மூன்று பலகை’, ‘ஒரே ஒரு சிறு மாத்திரை’ என்று பொருள்களைக் கொண்டே விகிதத்தை அமைத்துவிடலாம்.

ஒளி விழுந்த நிறம்

இதுவரை சொன்னவை பழைய உரைக்குறியாக்கிகளின் குறைகள்தானே, ஹெக்ஸ் எண்ணைப் புரிந்துகொள்ளும் புதிய மாதிரி வந்தால் கேள்வியே தீர்ந்துவிடுமே என்று ஒருவர் வாதிடலாம். இது வலுவான வாதம். இதற்கான பதில் மாதிரியின் திறமையில் இல்லை, படத்தின் இயல்பில் இருக்கிறது.

பருமன் உள்ள, ஒளி விழும் ஒரு பொருளுக்கு ஒற்றை நிற எண் கிடையாது. `#0F4C5C` வண்ணம் பூசிய உண்மையான பலகையைப் படம் பிடித்தாலும், ஒளி படும் முகத்தில் அது `#1B6A7E` போல் வெளிறும். நிழல் பக்கத்தில் `#0A3440` போல் இருளும். தரையை ஒட்டிய விளிம்பில் பின்புலத்தின் தந்த வெள்ளை பட்டுச் சற்றுப் பழுப்பேறும். எந்தப் பிக்சலில் பிராண்டு நிறம் இருக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்கிறது? எல்லாப் பிக்சலிலும் என்றால் பலகை தட்டையான வெட்டுக்காகிதமாகிவிடும். மாதிரி எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், ஒளியையும் மாறாத எண்ணையும் ஒரே பரப்பில் கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும்.

ஆகவே படத்தின் நிறங்களை இரண்டாகப் பிரித்து மதிப்பிட வேண்டும் என்பது என் துணிபு. பின்புலம், தலைப்பு எழுத்து, பொத்தான் ஆகியவை தட்டை நிறங்கள். இங்கே ஹெக்ஸ் எண் துல்லியமாக இருந்தே ஆக வேண்டும். பலகையும் மாத்திரையும் ஒளி விழும் நிறங்கள்; இங்கே பார்க்க வேண்டியது நிறக்கோணம். `#0F4C5C`இன் நிறக்கோணம் ஏறக்குறைய 192 பாகை. `#F4A261`க்கு 27 பாகை. ஒளியும் நிழலும் வெளிச்சத்தையும் செறிவையும் மாற்றும். விளக்கொளி வெள்ளையாக இருந்தால் கோணம் பெரிதாக நகராது. பலகையில் ஐந்தாறு இடங்களைத் தொட்டுப் பார்த்து, கோணம் 185க்கும் 200க்கும் இடையில் நின்றால் அது பிராண்டின் நீலப்பச்சையாகவே கண்ணுக்குப் படும். 170க்கு இறங்கினால் பச்சையாகிவிட்டது. 210ஐத் தாண்டினால் நீலமாகிவிட்டது. பிராம்ப்டில் `neutral light` என்று எழுதியது இதற்காகத்தான். `golden hour`, `neon glow` போன்ற ஒளிச்சொற்கள் எல்லா நிறத்தையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். பிராண்டு நிறம் மாறியதற்கு நிறச்சொல்லைக் குற்றம் சொல்பவர்கள் ஒளிச்சொல்லைப் பார்ப்பதில்லை.

தட்டைப் பகுதியில் பழைய மாதிரிகளுக்கு மற்றொரு தடையும் இருந்தது. உருவாக்கம் தொடங்கும் இரைச்சலின் சராசரி எப்போதும் நடுநிலை. பயிற்சியிலோ மிக அதிக இரைச்சல் சேர்த்த படியிலும் மூலப் படத்தின் சராசரி வெளிச்சம் சிறிது மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தை நம்ப மாதிரி பழகிவிட்டது. விளைவாக, முழுக்க வெளிறிய படத்தையோ முழுக்க இருண்ட படத்தையோ கேட்டாலும் மொத்த வெளிச்சம் நடுவை நோக்கி இழுக்கப்பட்டது. தந்த வெள்ளைப் பின்புலம் கேட்டவருக்குச் சாம்பல் கலந்த சரிவும் மூலைகளில் இருளும் வந்ததற்குக் காரணம் இது. 2023 ஜனவரியில் நிக்கோலஸ் குட்டன்பெர்க் எழுதிய குறிப்பு, பயிற்சி இரைச்சலில் சிறு நகர்வைச் சேர்த்தாலே இது சரியாகும் என்று காட்டியது. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு இரைச்சல் அட்டவணையிலேயே பிழை இருப்பதை விளக்கியது. பிந்தைய மாதிரிகளில் நிலைமை தேறியிருக்கிறது. இருந்தும் பின்புலத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரே நிறமாக இருப்பதில்லை. பக்கத்துப் பிக்சல்களே ஒன்றிரண்டு அளவு வேறுபடும். சொட்டுக்குழாய் கருவியில் ஒற்றைப் பிக்சல் எடுப்பதை மாற்றி 5 × 5 சராசரியாக வைத்துக்கொள்வது இதனால்தான்.

கையால் முடிக்கும் பகுதி

பின்புலத்தைப் பொறுத்தவரை பிராம்ப்டோடு போராடுவதில் பொருளில்லை. பலகைகளையும் அவற்றின் நிழலையும் பிரித்தெடுத்து, கீழே `#FAF7F0` நிறத்தில் புதிய தட்டை அடுக்கை வைத்து, நிழலை மல்டிப்ளை முறையில் மேலே போட்டால் முடிந்தது. பலகைகளின் நிறக்கோணம் விலகியிருந்தால் ஹியூ/சாச்சுரேஷன் திருத்தத்தில் அந்த நிறப்பரப்பை மட்டும் நகர்த்தலாம்.

பிராண்டின் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருக்கும் இடங்களில் நான் பரிந்துரைப்பது வேறு பாதை. பிராம்ப்டிலிருந்து எல்லா நிறச்சொற்களையும் நீக்கிவிட்டு, `plain grey clay render` என்று சாம்பல் களிமண் உருவங்களாகவே படத்தை வாங்குவது. பிறகு கிரேடியன்ட் மேப் கொண்டு வெளிச்ச அளவுகளுக்கு நிறம் கொடுப்பது: பலகை அடுக்கில் இருளுக்கு `#0F4C5C`ஐவிட ஆழ்ந்த ஒரு நிழல், நடுவில் அந்த நிறமே, ஒளிக்கு அதன் வெளிறிய வடிவம். மாத்திரைக்குத் தனி மறைப்பு, தனி மேப். இதில் நிறம் பரவும் பிரச்சினையே எழுவதில்லை. நடுவெளிச்சத்தில் பிராண்டு எண் துல்லியமாக வந்து உட்காரும். நிறுவனம் பின்னால் நிறத்தை மாற்றினாலும் படத்தை மறுபடி உருவாக்க வேண்டாம். இழப்பு ஒன்று உண்டு: ஆரஞ்சு மாத்திரையிலிருந்து பலகை மீது விழும் மெல்லிய நிறப் பிரதிபலிப்பு இதில் கிடைக்காது. அது இல்லாத படம் கொஞ்சம் ஒட்டவைத்ததுபோல் தெரியும். தேவையானால் அதை மெல்லிய தூரிகையால் சேர்க்கலாம்.

எழுத்துக்கு வரும்போது நிறங்களின் உறவு மறுபடியும் எண்ணாகிறது. இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 மாறுபாடு கேட்கின்றன. நம் தொகுப்பில் தந்த வெள்ளை மீது நீலப்பச்சை 8.9:1 தருகிறது, தலைப்பு வரி இந்த இணையில் பத்திரமாக இருக்கும். ஆரஞ்சுப் பொத்தானில் தந்த வெள்ளை எழுத்து வைத்தால் 1.9:1 மட்டுமே, வெயிலில் கைபேசியைப் பிடித்துப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரால் அதைப் படிக்க முடியாது. அதே பொத்தானில் நீலப்பச்சை எழுத்து 4.6:1. எல்லையைச் சற்றே தாண்டுகிறது, எனவே அந்த ஆரஞ்சின் ஒளியைக் குறைத்து விளையாட இடமில்லை. ஆரஞ்சை இருளாக்கினால் தேறாது. பிராம்ப்ட் எழுதுவதற்கு முன்பே இந்த மூன்று எண்களைக் கணக்கிட்டுவிட்டால், இடப்பாதி இருளாக இருக்க வேண்டுமா வெளிறியிருக்க வேண்டுமா என்ற முடிவு தானே வந்துவிடும். `plain warm ivory background` என்பது அந்தக் கணக்கிலிருந்து பிறந்த சொற்றொடர்.

படத்தை ஏற்பதா விடுவதா என்று முடிவுசெய்ய ஓர் எளிய சோதனை இருக்கிறது. அதை 16 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள். வடிவங்கள் மறைந்து நிறத் தொகுதிகள் மட்டும் மிஞ்சும். அதில் நான்காவது ஒரு நிறம் தனியாக எழுந்து நின்றால், உதாரணமாக நிழல்களில் ஊதா திரண்டிருந்தால், அது தொகுப்புக்கு வெளியிலிருந்து நுழைந்தது. நுண்விவரங்களோடு பார்க்கும்போது கண் இதைத் தவறவிட்டுவிடும்.

கடைசியாக வெட்டு. கூகுள் ப்ளே கேட்கும் முகப்புப் படம் 1024 × 500. நாம் உருவாக்கிய 1536 × 640ஐவிட அதன் அகல விகிதம் குறைவு, ஆகவே பக்கங்களிலிருந்து வெட்ட வேண்டும். 640 உயரத்தை வைத்துக்கொண்டால் மிஞ்சும் அகலம் சுமார் 1310 பிக்சல். வலது ஓரத்தில் நிற்கும் பலகை பாதியாகாமல் இருக்க, வெட்டு முழுவதையும் வெறுமையான இடப்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். கைபேசியில் திறக்கும் இணையப் பக்கத்துக்கு நெட்டையான வடிவம் தேவை. அதற்கு அகலப் படத்தை வெட்டினால் பலகைகளோ எழுத்துக்கான வெற்றிடமோ இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். பின்புலம் தட்டை அடுக்காகவும் பலகைகள் தனி அடுக்காகவும் பிரிந்திருந்தால், பலகைகளைக் கீழே இறக்கி வெற்றிடத்தை மேலே கொண்டுவரச் சில நிமிடங்கள் போதும். பிரிக்காமல் விட்டவர் அதே பலகைகளை நெட்டை வடிவில் மறுபடி பிராம்ப்டிடம் கேட்க வேண்டியிருக்கும், அங்கே வருபவை வேறு பலகைகளாக இருக்கும்.